புத்தர் சிலையும் சாமி சிலையும்

அன்புள்ள ஐயா,

யாங்கோனில் என்னோடு வேலை பார்க்கும் பர்மிய நண்பர், "நீங்கள் சிலையைக் கும்பிடுகிறீர்கள், நாங்கள் புத்தரை நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்" என்கிறார். ஆனால் அவர்களும் சிலைக்குச் சோறு படைக்கிறார்கள், விழுந்து கும்பிடுகிறார்கள். அப்புறம் என்ன வித்தியாசம்?

— ஒரு வாசகர், யாங்கோன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சமாளிக்கவில்லை. அவர் சொல்வதற்குப் பின்னால் பழைய வாதம் ஒன்று இருக்கிறது. பர்மாவில் திரிபிடகத்தோடு சேர்த்தே மதிக்கப்படும் 'மிலிந்த பஞ்ஹ' நூலில் மன்னர் மிலிந்தர் துறவி நாகசேனரை மடக்கப் பார்க்கிறார். புத்தர் பூஜையை ஏற்கிறார் என்றால் அவர் உலகைவிட்டு முற்றிலும் விடுபடவில்லை. ஏற்கவில்லை என்றால் பூஜை வீண். நாகசேனர் தயங்காமல், அவர் ஏற்பதில்லை என்கிறார். பெருநெருப்பு அணைந்துவிட்டால் அது விறகு கேட்காது; ஆனாலும் தீ வேண்டியவர்கள் தாங்களே கடைந்து மூட்டிக்கொள்வார்கள். பூஜையும் அப்படித்தான். வாங்கிக்கொள்ள எதிரே யாரும் இல்லாமலே செய்பவருக்குப் பலன் உண்டு.

புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான காலிங்கபோதி ஜாதகம் இன்னும் கறாரானது. புத்தர் ஊரில் இல்லாதபோது மக்கள் எதை வணங்கலாம் என்று அவருடைய சீடர் ஆனந்தர் கேட்க, தன்னைக் குறித்துச் செய்துவைக்கும் பொருளுக்கு ஆதாரம் இல்லை, அது வெறும் மனக்கற்பனை என்கிறார் புத்தர். போதிமரம் போதும் என்று சொல்லிவிடுகிறார். சாஞ்சியின் பழைய சிற்பங்களிலும் புத்தர் இருக்க வேண்டிய இடத்தில் மரமும் வெற்று ஆசனமும் பாதச்சுவடும்தான் இருக்கின்றன.

நம் ஆகம வழி இதற்கு நேர் எதிர். சாமியை வரவழைக்கிறோம். குடமுழுக்குத் திருப்பணிக்கு முன்னால் பாலாலயம் செய்யும்போது பாருங்கள்: குருக்கள் மூலவரிடமிருந்து சக்தியைக் கும்பத்து நீருக்கு மாற்றுகிறார். பணி முடிந்து திரும்பச் சேர்க்கும்வரை பூஜை முழுவதும் பாலாலயத்தில்தான். ஆவாகனம் என்றால் வருக, இங்கே இரு என்ற அழைப்பு. அழைத்தவர் வந்திருக்கிறார் என்று நம்புவதால்தான் நீராட்டுகிறோம், உடுத்துகிறோம், இரவில் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறோம்.

பர்மியர்களும் புதுச் சிலைக்கு 'அனேகஜா' ஓதுகிறார்கள். அதில் ஓதும் தம்மபதத்தின் 153, 154ஆம் பாடல்களைப் படித்துப் பாருங்கள். வா என்ற அழைப்பே அவற்றில் கிடையாது. பிறவி என்ற வீட்டைக் கட்டும் ஆசையைப் பார்த்து, பல பிறவிகளாகத் தேடிய வீடுகட்டுபவனைக் கண்டுகொண்டேன், இனி நீ வீடு கட்ட மாட்டாய் என்று ஞானம் பெற்ற கணத்தில் புத்தர் சொன்ன சொற்கள் அவை. யாரையும் சிலைக்குள் கொண்டுவராமல், அந்தக் கணத்தை அதன் முன்னால் சொல்லிக்காட்டுகிறார்கள்.

இந்த எல்லைக்கோட்டை மக்கள் தாண்டுவதும் உண்டு. மண்டலை நகரின் மகாமுனி புத்தர் சிலைக்குத் தினமும் விடியுமுன் முகம் கழுவி, பல் துலக்கிவிடுகிறார்கள். ஆண்கள் ஒட்டிய தங்கத் தகடு ஏறி ஏறி உடம்பெல்லாம் புடைத்துக் கிடக்கிறது. தினமும் கழுவும் முகம் மட்டும் வழவழவென்று மின்னுகிறது. முகம் கழுவிவிடும் அந்த வேளையில் அவர்கள் நம் பக்கத்தில் நிற்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் விளக்கம் கேட்டால் நாகசேனரின் பதிலைத்தான் சொல்வார்கள். அதை உங்கள் நண்பர் நேர்மையாகவே சொல்கிறார், மறுத்து வாதிட வேண்டாம்.

அன்புடன்