கோட்டு வரைபடத்தை ஆண்டு வரிசையில் சொல்லாமல், ஒப்பிட்டு எழுதுதல்

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுத்துத் தேர்வின் முதல் பணியில் லைன் கிராஃப் வந்தால், ஒரு ஆண்டையும் விடாமல் எல்லா எண்களையும் எழுதிவிடுகிறேன். இலக்கணப் பிழையும் அதிகம் இல்லை. ஆனாலும் 5.5-ஐத் தாண்டவில்லை. ஏற்ற இறக்கங்களை விவரிக்கும் பத்தியை எப்படி எழுத வேண்டும்?

பதில்: எண்களை ஒன்று விடாமல் எழுதுவதுதான் உங்கள் மதிப்பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். வினாத்தாளிலேயே முக்கியமான அம்சங்களைத் தேர்ந்தெடுத்து, பொருத்தமான இடங்களில் ஒப்பிடுமாறுதான் கேட்கப்படுகிறது. தெளிவான ஒட்டுமொத்தப் பார்வை இல்லாமல் விவரங்களை இயந்திரத்தனமாக அடுக்குவது 5-ஆம் பேண்டின் அடையாளமாகவே மதிப்பீட்டு விதிகளில் குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே எழுதத் தொடங்குமுன், கோடுகள் ஒன்றுக்கொன்று என்ன உறவில் இருக்கின்றன என்பதைப் பார்ப்பதற்கென்று இருபது நிமிடத்தில் இரண்டு மூன்று நிமிடங்களை ஒதுக்குங்கள்.

ஓர் உண்மையான தரவை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். ஐக்கிய நாடுகள் அவை 2018-இல் வெளியிட்ட நகரமயமாக்கல் மதிப்பீட்டின்படி, நகரங்களில் வாழும் மக்களின் விகிதம் ஐரோப்பாவில் 1950-இல் 52 சதவீதமாகவும் 2018-இல் 74 சதவீதமாகவும் இருந்தது. 2050-இல் 84 சதவீதமாகும் என்று கணிக்கப்பட்டுள்ளது. லத்தீன் அமெரிக்காவுக்கு இதே ஆண்டுகளில் 41, 81, 88, ஆசியாவுக்கு 17.5, 50, 66. லத்தீன் அமெரிக்கக் கோடு 1990-ஐ ஒட்டி, சுமார் 70 சதவீதத்தில், ஐரோப்பியக் கோட்டைக் கடந்து மேலே செல்கிறது. இந்த மூன்று கோடுகளும் ஒரே படத்தில் தரப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எழுத வேண்டியது ஒட்டுமொத்தப் பார்வை. 'ஓவரால்' என்று தொடங்கும் அந்த ஓரிரு வாக்கியங்களில் எண்களே வேண்டாம். இங்கே சொல்லத்தக்கவை மூன்றுதான்: மூன்று பகுதிகளிலும் விகிதம் உயர்ந்தது, லத்தீன் அமெரிக்கா ஐரோப்பாவை முந்திச் சென்றது, வேகமாக வளர்ந்தபோதிலும் ஆசியா கடைசி வரை கீழேயே இருந்தது. 'எல்லாம் உயர்ந்தன' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுபவர்கள் பலர். அது பொய்யல்ல; ஆனால் படத்தின் மிக முக்கியமான நிகழ்வான இடமாற்றம் அதில் விடுபட்டுப் போகிறது.

அடுத்து விவரப் பத்தி. கோட்டுக்கு ஒரு பத்தி என்று பிரித்தால் ஒப்பீடு செத்துவிடும். 1950, 1960, 1970 என்று ஆண்டு வாரியாக நகர்ந்தாலோ ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று பகுதிகளின் பெயரையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிவரும். ஒன்றையொன்று வெட்டும் கோடுகளை ஒரு பத்தியிலும், தனித்து நிற்கும் கோட்டை இன்னொரு பத்தியிலும் வைப்பதே இந்தப் படத்துக்குப் பொருந்தும். ஐரோப்பாவும் லத்தீன் அமெரிக்காவும் சேரும் பத்தியின் முதல் வாக்கியம் தொடக்க இடைவெளியைச் சொல்லட்டும்: 1950-இல் ஐரோப்பாவில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் நகரவாசிகள், லத்தீன் அமெரிக்காவில் 41 சதவீதம் மட்டுமே. இரண்டாவது வாக்கியம் கோடுகள் சந்தித்த இடத்தையும், மூன்றாவது 2018-இல் நிலைமை தலைகீழாகி 81-க்கு 74 என்று நின்றதையும் சொல்லட்டும். இடையில் உள்ள பத்தாண்டுப் புள்ளிகள் எதையும் எழுத வேண்டியதில்லை.

வேகத்தைக் குறிக்கும் சொற்களில் கவனம் தேவை. லத்தீன் அமெரிக்கா முதல் நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 30 புள்ளிகள் ஏறியது. அதன்பின் 2018 வரை சுமார் 10 புள்ளிகள்தான். இந்தப் பிற்பகுதியைப் பலர் 'லெவல்டு ஆஃப்' என்று எழுதுகிறார்கள். கோடு கிடைமட்டமாகாமல் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல் தவறான தகவலாகிவிடும். வளர்ச்சி வேகம் குறைந்தது என்பதே சரி. இது சொல்வளப் பிரச்சினை மட்டுமல்ல, தரவைத் தவறாகப் படித்ததாகக் கருதி உள்ளடக்க மதிப்பெண்ணையும் குறைப்பார்கள்.

ஆசியப் பத்தியில், படத்தை நின்று நிதானமாகப் பார்த்தவருக்கு மட்டும் கிடைக்கும் ஓர் ஒப்பீடு இருக்கிறது. 17.5-இலிருந்து 50 என்பது ஏறத்தாழ மூன்று மடங்கு உயர்வு. ஆயினும் ஆசியா 2018-இல் எட்டிய அளவு, ஐரோப்பா 1950-இலேயே இருந்த அளவைவிடச் சற்றுக் குறைவு. கோடு ஏறிய உயரத்தையும் அது இன்னும் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதையும் இந்த ஒரு வாக்கியமே காட்டிவிடும். இப்படி ஓர் ஒப்பீடு கிடைத்தால், அதற்காக வேறு நான்கு எண்களைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

இனி, நம்மவர்கள் அதிகமாகத் தவறும் இடங்கள். 'லத்தீன் அமெரிக்கா ரோஸ் டு 81%' என்று எழுதாதீர்கள். உயர்ந்தது அந்தப் பகுதியல்ல, நகரவாசிகளின் விகிதம். எனவே வாக்கியத்தின் எழுவாய் 'தி ப்ரொபோர்ஷன் ஆஃப் பீப்பிள் லிவிங் இன் சிட்டீஸ்' என்பதாக இருக்க வேண்டும். அடுத்த வாக்கியத்தில் 'திஸ் ஃபிகர்' என்று சுருக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி முடித்ததும் 'எது உயர்ந்தது?' என்று கேட்டுப் பார்த்தால் இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும்.

'டு', 'பை' இரண்டும் அடுத்த சிக்கல். 'ரோஸ் டு 81%' என்றால் போய்ச் சேர்ந்த இடம். 'ரோஸ் பை 40 பர்சன்டேஜ் பாயிண்ட்ஸ்' என்றால் ஏறிய அளவு. இங்கே 'பை 40%' என்று எழுதினால் 41-இன் 40 சதவீதம் மட்டுமே கூடியதாக, அதாவது 57-ஐ ஒட்டி நின்றதாகப் பொருளாகிவிடும். உண்மையில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருக்கிறது. பாயிண்ட் கணக்கில் குழப்பம் வருமானால் 'ஆல்மோஸ்ட் டபுள்டு' என்று எழுதுவது பாதுகாப்பானது.

காலத்தைப் பொறுத்தவரை, ஆண்டு குறிப்பிட்ட கடந்த கால விவரங்களுக்குச் சாதாரண இறந்த காலம் போதும். 2050-க்கு மட்டும் 'இஸ் ப்ரொஜெக்டட் டு ரீச்' என்ற அமைப்புக்கு மாறுங்கள். நேரடியாக 'வில் ரீச்' என்று எழுதினால் கணிப்பு உறுதியான செய்தியாகிவிடுகிறது. இந்த மாற்றம் வரைபடத்தில் எங்கே நிகழ்கிறது என்பதை ஆண்டு அச்சில் முதலிலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கணினித் தேர்வானால் குறிப்புத்தாளில் எழுதிவைக்கலாம்.

ஆசிய நகரங்கள் ஏன் வளர்ந்தன, தொழிற்சாலைகளா, கிராம வேலையின்மையா என்று காரணம் சொல்லத் தோன்றும். படத்தில் இல்லாத எதையும் இந்தப் பணியில் எழுதக் கூடாது. குறைந்தது 150 சொற்கள் வேண்டும். மேலே சொன்ன மூன்று பத்திகளோடு, வினாவை வேறு சொற்களில் சொல்லும் ஒரு வரி அறிமுகமும் சேர்ந்தால் 170, 180 சொற்கள் இயல்பாகவே வந்துவிடும். தனியாக முடிவுரை எழுதாதீர்கள். அந்த வேலையை ஒட்டுமொத்தப் பார்வை ஏற்கெனவே செய்துவிட்டது. மிஞ்சும் நேரத்தில் எண்களைப் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.