வெள்ளியில் சம்பளம், ரூபாயில் செலவு

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் எனக்குச் சொந்த ஊர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன். மாதம் ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி மிச்சம் பிடிக்கிறேன். இங்கே வங்கியில் பத்தாயிரம் வெள்ளி இருக்கிறது. இதுவரை அனுப்பியதையெல்லாம் காரைக்குடியில் மனைவி கணக்கில் போட்டு, அவள் பெயரிலேயே டெபாசிட் செய்திருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டாள். மூன்று வருடத்தில் கல்லூரி. ஏழெட்டு வருடத்தில் ஊர் திரும்பி வீட்டை எடுத்துக் கட்ட ஆசை. வங்கியில் மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்கிறார்கள். மாமனார் டெபாசிட்தான் என்கிறார். என் பங்காளியோ, "ரூபாய் விழுந்துகொண்டே இருக்கிறது, வெள்ளியாகவே வைத்துக்கொள்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

ஃபண்டா டெபாசிட்டா என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இந்தப் பணம் எந்த நாணயத்தில், எந்த வருடம் செலவாகப் போகிறது? கல்லூரிக் கட்டணமும் ரூபாய். செங்கல், சிமென்ட், கொத்தனார் கூலி எல்லாம் ரூபாய். கையில் ஒரு நாணயத்தை வைத்துக்கொண்டு வேறொரு நாணயத்தில் கடன் தீர்க்க வேண்டியிருப்பதுதான் நாணய அபாயம். அப்படிப் பார்த்தால், வெளிநாட்டுச் சம்பளத்தை ஊர் வங்கியில் ரூபாயாக வைக்கும் என்.ஆர்.இ. கணக்கில் மகள் படிப்புக்கென்று போடும் பணத்துக்கு அந்த அபாயம் இல்லை. சிங்கப்பூரில் வெள்ளியாக இருக்கும் பத்தாயிரத்துக்குத்தான் இருக்கிறது. இதுவரை அது உங்களுக்குச் சாதகமாகவே போனதால் அபாயமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் பங்காளி சொல்வதில் உண்மை இருக்கிறது. 2015 தொடக்கத்தில் ஒரு வெள்ளி சுமார் 47 ரூபாய். 2025 தொடக்கத்தில் சுமார் 63. சராசரியாக வருடத்துக்கு 3 சதவீதம். அதன் பிறகு 2025 ஒரே வருடத்தில் 70-ஐ ஒட்டி ஏறிவிட்டது. ஆனால் 2013 ஆகஸ்ட் கடைசியில் வெள்ளி 53 ரூபாயைத் தொட்டது. இன்னும் ஏறும் என்று அன்றைக்கு வைத்துக்கொண்டிருந்தவர், 2015 தொடக்கத்தில் 47-க்குத்தான் மாற்ற முடிந்தது. நடுவில் மகளுக்குக் கட்டணம் கட்டும் தேதி வந்திருந்தால் அந்த இறக்கம் அவர் தலையில்தான் விழுந்திருக்கும்.

இதைக் கணக்காகவே போட்டுவிடலாம். வெள்ளி 70 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் வெள்ளியை ஊருக்கு அனுப்பினால் 7,00,000 ரூபாய். மூன்று வருட என்.ஆர்.இ. டெபாசிட்டில் 6.5 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவட்டி என்றால், முடிவில் சுமார் 8,49,000 ரூபாய். அதே பத்தாயிரத்தை சிங்கப்பூரிலேயே 2 சதவீதத்துக்கு விட்டால் மூன்று வருடத்தில் 10,612 வெள்ளி. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 80 வரும். மூன்று வருடம் கழித்து வெள்ளி 80 ரூபாய்க்கு மேல் போனால் பங்காளி ஜெயித்தார். 80-க்குக் கீழே நின்றால் டெபாசிட் ஜெயித்தது. 80 என்பது வருடத்துக்கு நாலரை சதவீதத்துக்குமேல் ரூபாய் தொடர்ந்து விழுந்தால் வரும் எண். நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பந்தயம். நீங்கள் அனுப்பும் நாளில் என்ன வட்டி, என்ன விலை என்று பார்த்து இதே வகுத்தலைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை.

இன்னொன்றையும் பங்காளிக்குச் சொல்லுங்கள். உங்கள் சம்பளமே வெள்ளிதான். இன்னும் ஏழெட்டு வருடம் மாதாமாதம் ஆயிரம் வெள்ளி வரப்போகிறது. ரூபாய் விழுந்தால் அடுத்த மாதச் சம்பளத்துக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும். அதாவது ரூபாய் விழுந்தால் லாபம் தரும் சொத்து, உங்கள் வேலை என்ற வடிவில், ஏற்கெனவே பெரிதாக உங்களிடம் இருக்கிறது. சேமிப்பையும் அதே பக்கம் சாய்ப்பது அவசியமில்லை. நம் பகுதிக்கு இது புதுப் பாடமும் அல்ல. மலாயாவில் ஜப்பானியர் ஆட்சியில் அச்சடித்த நோட்டுகள் 1945-இல் வெறும் காகிதமானபோது, அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்திய செட்டிநாட்டுக் குடும்பங்கள் பல அதில் அடிபட்டன. சம்பாத்தியமும் சேமிப்பும் ஒரே ஊர்ப் பணத்தில் மாட்டிக்கொண்டதால் வந்த அடி அது.

எனவே பத்தாயிரத்தில் மூவாயிரம் வெள்ளியை சிங்கப்பூரிலேயே விடுங்கள். வேலை போய் வேலை அனுமதிப் பாஸ் ரத்தானால் வாடகை, சாப்பாடு, விமானக் கட்டணம் எல்லாம் வெள்ளிதான். அந்தச் செலவுக்கு வெள்ளியே சரி. மீதி ஏழாயிரம், அதாவது 70 விலையில் 4,90,000 ரூபாய், மகள் படிப்புக்கு டெபாசிட்டாகப் போகட்டும். ஒரே டெபாசிட்டாகப் போட வேண்டாம். சம மூன்று பங்காக்கி 3, 4, 5 வருடங்களில் முதிரும்படி போட்டால் முதல் மூன்று வருடக் கட்டணத்துக்கு ஒவ்வொன்றாகக் கைக்கு வரும். இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். என்.ஆர்.இ. டெபாசிட்டை ஒரு வருடம் முடியும் முன் உடைத்தால் வட்டி ஒரு பைசா கிடையாது. 'தானே புதுப்பிக்கவும்' என்று டிக் செய்துவிட்டு மறந்தால், முதிர்ந்த பணம் மறுபடி உள்ளே போய் அதே ஒரு வருட விதியில் மாட்டும். அடுத்தது, வங்கி மூழ்கினால் கைகொடுக்கும் வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். 4,90,000 வட்டியோடு அதைத் தாண்டிவிடும். இரண்டு வங்கியில் பிரித்துப் போடுங்கள்.

படிப்புப் பணத்தை ஏன் பங்குச் சந்தை ஃபண்டில் போடக்கூடாது? 2020 ஜனவரியில் 12,000-க்கு மேல் நின்ற பங்குச் சந்தைக் குறியீடு நிஃப்டி மார்ச் 23 அன்று 7,600 அளவில் முடிந்தது. அது அந்த வருடக் கடைசிக்குள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, உண்மை. ஆனால் கல்லூரி கட்டணத்துக்குக் கடைசித் தேதி ஜூன் என்றால் ஜூனில்தான் கட்ட வேண்டும், சந்தைக்காக அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,000 அளவில் கிடந்தது. அது மீள வருடக்கணக்கில் ஆனது.

வீட்டுப் பணம் வேறு கதை. ஏழெட்டு வருடம் இருக்கிறது, தேதியும் இறுக்கமில்லை, ஒரு வருடம் தள்ளிக் கட்டலாம். மாதம் ஆயிரம் வெள்ளியில் வீட்டுச் செலவுக்கு அனுப்புவது போக, பாதிவரை, குறியீட்டில் உள்ள பல நிறுவனப் பங்குகளிலும் பரவிப் போடும் குறியீட்டு ஃபண்டில், மாதாமாதம் ஒரே தொகை போடும் எஸ்.ஐ.பி.யாகப் போகலாம், மீதி டெபாசிட்டில். இங்கேதான் உங்கள் வெள்ளிச் சம்பளம் கைகொடுக்கிறது. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பெருமளவு விற்று வெளியேறும் காலத்தில் நம் சந்தையும் ரூபாயும் சேர்ந்தே விழும். 2008-இல் அப்படித்தான் நடந்தது. பணத்தை வெள்ளியாகத் திரும்ப எடுத்துப் போக நினைப்பவருக்கு அது இரட்டை அடி. உங்களுக்கோ அந்த மாதங்களில் ஒரு வெள்ளிக்கு அதிக ரூபாய், அந்த ரூபாய்க்கு அதிக ஃபண்ட் யூனிட். எஸ்.ஐ.பி.யை நிறுத்தாமல் இருந்தால்தான் இது பலிக்கும். திரும்ப இரண்டு வருடம் இருக்கும்போதே ஃபண்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து டெபாசிட்டுக்கு மாற்றத் தொடங்குங்கள்.

வங்கியில் நீட்டும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைப் பாருங்கள். ஃபண்ட் என்று சொல்லிக் காப்பீட்டுத் திட்டத்தை விற்பது நடக்கிறது. 'பிரீமியம்', 'பாலிசி காலம்' என்ற சொற்கள் இருந்தால் அது நீங்கள் கேட்டது அல்ல. ஃபண்டாகவே இருந்தாலும் 'ரெகுலர்' என்றால் விற்பவரின் கமிஷன் வருடாவருடம் உங்கள் பணத்திலிருந்து போகிறது, 'டைரக்ட்' என்றால் போவதில்லை.

இப்போது கணக்கு விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். மனைவி பெயரில் இருக்கும் டெபாசிட் சாதாரண உள்நாட்டு டெபாசிட். அதன் வட்டிக்கு வரி உண்டு. கணவன் கொடுத்த பணம் என்பதால் சட்டப்படி அந்த வட்டி உங்கள் வருமானத்தோடு சேரும். அதே பணம் உங்கள் என்.ஆர்.இ. டெபாசிட்டில் இருந்தால், நீங்கள் வெளிநாட்டில் வசிக்கும்வரை வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஒரே வங்கி, ஏறக்குறைய ஒரே வட்டி, கையில் நிற்பது மட்டும் வேறு. ஏற்கெனவே போட்டது முதிரட்டும், வீட்டுச் செலவுக்கு ஆகட்டும். அந்த ரூபாயை என்.ஆர்.இ. கணக்குக்குள் நேரடியாகக் கொண்டுபோக முடியாது. இனி அனுப்புவதை என்.ஆர்.இ.க்கு அனுப்புங்கள். மனைவிக்கு அதில் கணக்கை இயக்கும் அனுமதியான மேண்டேட் எழுதிக் கொடுத்தால் உள்ளூர்ச் செலவுக்கு அவரே எடுத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் போவதற்கு முன் உங்கள் பெயரில் வைத்திருந்த சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் பாஸ்போர்ட், வேலை அனுமதி, சிங்கப்பூர் முகவரிச் சான்று, பான் அட்டை நகல்களோடு இப்போதே மாற்றுங்கள். ஃபண்டுக்கான கே.ஒய்.சி.யிலும் வெளிநாடுவாழ் இந்தியர் என்றே இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் வைத்த பங்கு ஃபண்டை விற்றால், வருடத்துக்கு 1,25,000 ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி. வெளிநாட்டில் இருப்பவருக்கு வரியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கூடுதலாகப் பிடித்திருந்தால் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் பற்றி யாராவது சொல்லக்கூடும். வெளிநாட்டு நாணயத்திலேயே போட்டு அதே நாணயத்தில் திரும்பப் பெறுவது அது. செலவு ரூபாயில் என்பதால் உங்களுக்குத் தேவைப்படாது. அதிலும் வெள்ளியை அமெரிக்க டாலராக்கிப் போடச் சொன்னால் வேண்டாம். 2025-இல் ஒரு டாலர் 1.36 வெள்ளியிலிருந்து 1.29 வெள்ளிக்கு இறங்கியது. வட்டி டாலரில் ஏறினாலும் அசல் வெள்ளிக் கணக்கில் தேய்ந்திருக்கும்.

அனுப்பும்போது 'கட்டணம் இல்லை' என்ற பலகையைப் பார்க்காதீர்கள். கட்டணம் போக ஊரில் எத்தனை ரூபாய் விழும் என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். வெள்ளிக்கு 50 காசு வித்தியாசம் என்றால் ஏழாயிரம் வெள்ளிக்கு 3,500 ரூபாய்.

ஊர் திரும்பும் தேதி முடிவானதும் வங்கிக்கும் ஃபண்ட் நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். என்.ஆர்.இ. சேமிப்புக் கணக்கு சாதாரணக் கணக்காக மாறும். டெபாசிட் ஒப்புக்கொண்ட வட்டியிலேயே முதிர்வுவரை ஓடும், ஆனால் நீங்கள் திரும்பியதிலிருந்து அந்த வட்டிக்கு வரி உண்டு. ஆகவே கடைசி டெபாசிட்டுகளின் முதிர்வைத் திரும்பும் மாதத்தைத் தாண்டாதபடி போடுங்கள்.