மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரத்தில் வரும் தள்ளாட்டம்

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. முன்பைவிடச் சோர்வு அதிகம், நடையில் தள்ளாட்டம், பேச்சில் கொஞ்சம் குழப்பம். பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார். நோய் முற்றுகிறதா, மாத்திரை சேரவில்லையா?

இந்த மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு குறைந்திருக்கலாம், இன்றைக்கே அதைப் பார்த்துவிடுங்கள். பேச்சு குழம்புகிறது என்பதால் லேபோடு நிறுத்தாமல், அவசரப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரை அட்டையில் ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

நான் சேலத்தில் பொது மருத்துவம் பார்ப்பவன். சில வருடங்களுக்கு முன் ஏற்காட்டுப் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த 74 வயது அம்மா ஒருவருக்கு இதே மருந்தை நான்தான் எழுதினேன். ஒரு வாரம் 5 மில்லிகிராம், அப்புறம் 10. தொடங்கும்போது சோடியம் 136. ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தேன். 18ஆம் நாளே மகன் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "வர்ற வழியெல்லாம் வாந்திங்க டாக்டர், வளைவு ஒத்துக்கல போலிருக்கு" என்றார். அந்த 20 கொண்டை ஊசி வளைவிலும் நாற்பது வருடமாக ஏறி இறங்கியவருக்கு இப்போது மட்டும் ஏன் குமட்ட வேண்டும்?

கால்களை அகட்டி வைத்து, சுவரைத் தொட்டுத் தொட்டு உள்ளே வந்தார். "பழைய சீட்டைக் குடுங்கம்மா" என்றேன். சுருக்குப் பைக்குள் கையை விட்டவர், எதை எடுக்க வந்தோம் என்பது மறந்து பாக்கை எடுத்து என்னிடம் நீட்டினார். வீட்டில் எல்லோரும் மனச்சோர்வு கூடிவிட்டது என்றே நினைத்திருக்கிறார்கள். ஆனால் மனச்சோர்வு நடையை இப்படி மாற்றாது. மாத்திரையின் சாதாரணக் குமட்டல் முதல் வாரத்தில் வந்து பெரும்பாலும் தானே தணியும். இது இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தொடங்கி நாளுக்கு நாள் ஏறுகிறது. சோடியம் 121 வந்தது.

இதில் உடம்பிலிருந்து உப்பு பெரிதாகப் போய்விடுவதில்லை, தண்ணீர்தான் தங்கிவிடுகிறது. சிறுநீரைத் தடுத்து வைக்கும் ஹார்மோனை இந்த வகை மருந்துகள் தேவையில்லாமல் தூண்டிவிடுகின்றன. ரசத்தில் இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியது போல ரத்தம் நீர்த்துவிடுகிறது. அதனால் இளநீரும் கஞ்சியும் நிறையக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். வயதானவர்களுக்கு, அதிலும் மெலிந்த பெண்களுக்கு, இது அதிகம் வருகிறது. முதலில் பெயர் சொன்ன தயாசைடு வகை பிரஷர் மாத்திரை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. அந்த அம்மாவின் பிரஷர் மாத்திரையிலும் அது கலந்திருந்தது. நான் அதைக் கவனித்து முதலிலேயே மாற்றியிருக்க வேண்டும்.

எந்த மருந்து எவ்வளவு காரணம் என்று பிரிக்க முடியாததால், ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டையும் நிறுத்தினோம். வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்த்தோம், தைராய்டும் கார்டிசோலும் சரியாக இருந்தன. குடிக்கும் நீர் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு லிட்டர் என்று வைத்தோம். இதில் அவசரப்படக் கூடாது. 24 மணி நேரத்தில் 8க்கு மேல் சோடியம் ஏறினால் மூளையின் நரம்பு உறை சிதையலாம், அந்தச் சேதம் நிரந்தரமாகவும் ஆகலாம். தயாசைடை நிறுத்தியதும் சில பேருக்குச் சிறுநீர் கொட்டி அளவு தானாகவே வேகமாக ஏறும் என்பதால், முதல் நாள் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்த்தோம். மறுநாள் 126, ஒரு வாரத்தில் 135. வலிப்போ மயக்கமோ இருந்திருந்தால் வழி வேறு: அடர் உப்புநீரைக் கொஞ்சமாக ஏற்றி, முதலில் சில புள்ளிகளை விரைவாக உயர்த்துவார்கள்.

அடுத்து எந்த மருந்து? செர்ட்ரலினுக்கோ வென்லாஃபாக்சினுக்கோ மாற்றுவதில் பயனில்லை, அவையும் இதையே செய்யக்கூடியவை. இரவில் மிர்டசாபின் 7.5 மில்லிகிராம் தொடங்கினேன். அவருக்குத் தூக்கமும் பசியும் கெட்டிருந்தன, அதற்கும் அது உதவியது. பிரஷருக்கு அம்லோடிபின். மிர்டசாபினிலும் சோடியம் குறைவது அபூர்வம்தானே தவிர, வரவே வராது என்று சொல்ல முடியாது. அதனால் முதல் வாரம், இரண்டாவது வாரம், நான்காவது வாரம் சோடியம் பார்த்தோம். 15 மில்லிகிராமாகக் கூட்டியபோது அதற்கு ஒரு வாரம் கழித்து மறுபடியும் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் மலையிறங்கி வர முடியாது என்று, சேலத்துக்குச் சந்தைக்கு வரும் நாளிலேயே ரத்தம் எடுக்க மகனோடு பேசி வைத்தேன்.

இப்போதெல்லாம் 65 தாண்டியவருக்கு இந்த மருந்துகளை எழுதும்போதே அதே சீட்டில் இரண்டாவது வாரத்து ரத்தப் பரிசோதனைத் தேதியையும் எழுதிவிடுகிறேன்.

டாக்டரிடம் காட்டும் முன் நீங்களாகவே மருந்தை நிறுத்தவும் வேண்டாம், உப்பு கூட்டவும் வேண்டாம். அம்மாவுக்குச் சோடியம் குறைவு என்று உறுதியானால், அவருடைய மருத்துவ ஃபைலின் முதல் பக்கத்தில் மருந்தின் பெயரையும் அந்த எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு டாக்டர் அதே மாத்திரையை மறுபடியும் தொடங்கிவிடக் கூடாது.