மண்டோர் அண்ணன் வீட்டுக்கு எழுதும் கடிதம்

*சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி கம்பெனி வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து 27 வருடம் எங்களோடு இருந்த மண்டோர் அண்ணன் போன வாரம் நெஞ்சுவலியில் தவறிவிட்டார். வயது 57. எனக்கு லோரி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். காலையில் அவர் டயர் தட்டும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கம்பெனி சார்பில் அவர் வீட்டுக்கு ஒரு கடிதம் கொடுக்க நினைக்கிறேன். கிடைக்கிற மாதிரிக் கடிதம் எதுவும் ஒட்டவில்லை. இபிஎஃப், சொக்சோ விவரத்தையும் அதிலேயே எழுதலாமா? குடும்பம் இருப்பது கம்பெனி வீட்டில். அதைப் பற்றி என்ன சொல்வது?*

இரண்டு கடிதமாக எழுதுங்கள். ஒன்று அண்ணனைப் பற்றி, இன்னொன்று காசைப் பற்றி. இரண்டும் ஒரே உறைக்குள் போகக் கூடாது.

நான் தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்தபோது, இறந்துபோன ஒருவர் வீட்டுக்குப் போன அனுதாபக் கடிதத்தை டைப் அடித்தேன். நான்கு வரி அனுதாபம். ஐந்தாவது வரியில், முப்பது நாளில் வீட்டுச் சாவியை ஆபீசில் ஒப்படைக்கவும் என்று இருந்தது. மேலே இருந்த நான்கு வரியை அந்த வீட்டில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். அதை அடித்துக் கொடுத்தவன் நான் என்பதால், இந்த விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே பேசுகிறேன்.

முதல் கடிதம் மனைவி பெயருக்குப் போகட்டும். ‘அன்னாரின் குடும்பத்தாருக்கு’ என்று பொதுவாக எழுதினால் அது யாருக்கும் வந்த கடிதம் ஆகாது. உறையின் மேல் ஐசியில் உள்ளபடி முழுப் பெயர், உள்ளே நீங்கள் வழக்கமாகக் கூப்பிடும் முறை. நீங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர் என்றால் ‘அன்புள்ள அக்கா’ என்றே தொடங்கலாம். கம்பெனிக் கடிதம் என்பதற்காக ‘மதிப்பிற்குரிய அம்மையீர்’ என்று போனால், துக்க வீட்டில் திடீரென்று அந்நியராகிவிடுவீர்கள். மொழி தமிழ்தான். அக்கா தமிழ்ப்பள்ளியில் படித்தவராக இருந்தால் பிள்ளைகள் உதவியில்லாமல் தனியாக உட்கார்ந்து படிப்பார், அதற்குத்தானே கடிதம்.

இறப்பைச் சொல்ல ‘காலமானார்’ போதும். ‘இறைவனடி சேர்ந்தார்’ எழுதுவதும் தவறில்லை. கிறிஸ்தவக் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ என்றால், அவர்கள் வீட்டுத் துக்க அறிவிப்பில் உள்ள சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’, ‘நிறுவனத்தின் தூண்’ இரண்டையும் விட்டுவிடுங்கள். எல்லா மாலையிலும் தொங்கும் வாசகம் அது.

அந்த இடத்தில் என்ன எழுதுவது? நீங்களே சொல்லிவிட்டீர்கள், டயர் தட்டும் சத்தம். பின்சக்கரத்தில் இரட்டை டயர் இருக்கும்போது உள்பக்க டயரில் காற்று குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. கம்பியால் தட்டினால் நல்ல டயர் துள்ளி ஒலிக்கும், இறங்கிய டயர் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். இது உங்களுக்குத் தெரியும், டிரைவர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் வீட்டை விட்டுக் கிளம்பிய மனுஷன் வேலையிடத்தில் என்ன செய்தார் என்று அக்காவுக்கு முழுதாகத் தெரிந்திருக்க வழியில்லை. வீட்டார் பார்க்காத அண்ணனை நீங்கள் மட்டும்தான் கொடுக்க முடியும். ‘கடமை தவறாதவர்’ என்று எழுதினால் அது போய்ச் சேராது. இப்படி எழுதிப் பாருங்கள். சம்பவங்களை மட்டும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்:

> அன்புள்ள அக்கா,
>
> அண்ணன் காலமான செய்தி வந்த காலையில் நம் யார்டில் லோரிகள் கிளம்பத் தயாராக நின்றன. அன்று ஒன்றுகூட வெளியே போகவில்லை.
>
> அப்பா 1998இல் அண்ணனை டிரைவராக வேலைக்கு எடுத்தார். மண்டோரான பிறகும் அவர் கையில் அந்த இரும்புக் கம்பி இருக்கும். தினமும் விடியுமுன் ஒவ்வொரு டயராகத் தட்டிக் கேட்பார். அவர் தலையாட்டினால்தான் வண்டி நகரும்.
>
> எனக்கு லோரி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அண்ணன். முதல் மாதமே குலையோடு மண் சாலை ஓரம் சாய்த்துவிட்டேன். அவர் திட்டவில்லை. ‘முதலில் டீ குடி’ என்றார். இன்றுவரை அப்பாவிடம் அதைச் சொல்லவும் இல்லை.
>
> வீட்டைப் பற்றி இப்போது எதுவும் யோசிக்க வேண்டாம். இந்த வருடம் முடியும்வரை நீங்களும் பிள்ளைகளும் அங்கேயே இருக்கலாம். அண்ணனுக்கு வர வேண்டிய பணத்தைப் பற்றிக் கருமக்கிரியைக்குப் பிறகு நானே நேரில் வந்து பேசுகிறேன்.
>
> உங்கள் துக்கத்தில் நாங்களும் இருக்கிறோம்.

வீட்டு வரியை மட்டும் முதல் கடிதத்தில் ஏன் வைத்தேன் என்று கேட்கலாம். கம்பெனி வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு, அழுகைக்கு நடுவிலும் மனதுக்குள் ஓடும் கேள்வி அதுதான். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நீங்கள் பேசாமல் இருந்தால், காலி பண்ணச் சொல்லப் போகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் முதலில் முடிவெடுங்கள், அப்புறம் எழுதுங்கள். கடைசிப் பிள்ளை ஐந்தாம் படிவத்தில் இருந்தால் ‘எஸ்பிஎம் முடியும்வரை’ என்று சொல்லலாம். ‘எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருங்கள்’ என்பது உருக்கத்தில் வரும் வார்த்தை. ஒரு வருடம் கழித்துப் புது மண்டோருக்கு வீடு தேவைப்படும்போது அந்தத் தாளை எடுத்து உங்கள் முன்னாலேயே வைப்பார்கள், நியாயமும் அவர்கள் பக்கம்தான் இருக்கும். ‘மகனுக்கு வேலை போட்டுத் தருகிறோம்’, ‘எந்த உதவியும் கேளுங்கள்’ இரண்டுக்கும் இதேதான்.

வேலைக்குச் சேர்ந்த வருடத்தைப் பழைய ஃபைலில் பார்த்துச் சரி செய்யுங்கள். இந்தக் கடிதம் பத்திரமாக ஐசி, மரணப் பத்திரத்தோடு பிளாஸ்டிக் உறையில் இருக்கப்போகிற தாள். வருடம் தப்பாக இருந்தால் மகன் ஒவ்வொரு முறையும் அதைத்தான் பார்ப்பான். சாவுக்கான காரணத்தையும் எழுத வேண்டாம். வேலை நேரத்தில் நடந்த விபத்தாக இருந்தால் இன்னும் கவனம் தேவை, சொக்சோவுக்கு 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டிய தனி வேலை அது.

இரண்டாவது கடிதம் வறட்சியாகவே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். பாக்கிச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் கிடைக்கும், இபிஎஃப்பில் அண்ணன் யாரை வாரிசாகப் பெயர் கொடுத்திருக்கிறார் என்று எங்கே போய்க் கேட்பது, சொக்சோவின் வாரிசு பென்ஷனுக்குக் கம்பெனி எந்தப் பாரம் நிரப்பிக் கொடுக்கும், யாருடைய போன் நம்பர். ஒன்றை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள்: 60 வயதுக்குள் இறந்த மலேசியக் குடிமகனின் குடும்பத்துக்கு இபிஎஃப் 2,500 ரிங்கிட் மரண உதவி தருகிறது, அதற்கு இறந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் ஆறு மாதம் ஓடிப்போவது தெரியாது. பாக்கிச் சம்பளத்தை மட்டும் கருமக்கிரியைக்காக நிறுத்தி வைக்காதீர்கள், பதினாறாம் நாள் செலவே அதிலிருந்துதான் போகும்.

முதல் கடிதத்தை டைப் அடித்தாலும் பரவாயில்லை, கையெழுத்து பேனாவில் உங்களுடையதாக இருக்கட்டும். முத்திரை குத்த வேண்டாம். தபாலில் அனுப்பாமல், கருமக்கிரியைக்கு முன்பே, கூட்டம் குறைந்த ஒரு சாயங்காலம் நீங்களே போய் அக்கா கையில் கொடுங்கள். அவர் உங்கள் முன்னால் பிரிக்கவில்லை என்றால் பிரிக்கச் சொல்லாதீர்கள். பணம் வைப்பதானால் அது தனி உறையில், மகனிடம்.