லேபிள் மெஷின்: டேப் எங்கே போகிறது, லேபிள் ஏன் உரிகிறது (கேள்வி பதில்)

சின்ன அலுவலகம் ஒன்றின் ஸ்டோர் அறையைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். கையடக்க லேபிள் மெஷின் இல்லாமல் எனக்கு நாள் ஓடாது. வீட்டு அலமாரிக்கும் அதேதான். கேட்டவற்றில் பெரும்பாலானவை டேப்பைப் பற்றியே இருந்தன, அதனால் பதில்களும் அங்கேயே சுற்றி வருகின்றன.

கேள்வி: மேடம், 24 பாக்ஸ் ஃபைல்களுக்கு லேபிள் அடித்தேன். எட்டு மீட்டர் கேசட்டில் கால்வாசிக்கு மேல் போய்விட்டது. ஒவ்வொரு எழுத்து வரிசையும் விரல் நீளம்கூட இல்லை. மெஷினில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. மெஷினுக்குள் எழுத்தை அச்சடிக்கும் தலை ஓரிடத்தில் இருக்கிறது, வெட்டும் கத்தி வேறிடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 2.5 செ.மீ. தூரம். நீங்கள் பிரிண்ட் அழுத்தும்போது அந்த இடைவெளியில் கிடக்கும் டேப் வெறுமையாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். ஒவ்வொரு லேபிளுக்கும் அந்தத் துண்டு கூடவே வரும்.

மார்ஜினை மாற்றாமல் விட்டால், பின்பக்கமும் பார்க்கச் சமமாக இருக்கட்டும் என்று பல மெஷின்கள் அதே அளவு வெற்றிடம் விடும். உங்கள் எழுத்து 45 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முன்னே 25, பின்னே 25, ஆக ஒரு லேபிளுக்கு 95 மி.மீ. 24 லேபிளுக்கு 2.28 மீட்டர். நீங்கள் சொன்ன கால்வாசிக் கணக்கு இங்கேயே வந்துவிடுகிறது.

மார்ஜினைக் குறுகலாக்கினால் ஓரங்களில் 4 மி.மீ. அளவு போதும். ஆனால் ஒவ்வொன்றாக அடித்து வெட்டினால் முன்னே வரும் 25 தப்பாது. 74 மி.மீ. வீதம் 1.78 மீட்டர். 'செயின்' என்ற அமைப்பை வைத்து 24-ஐயும் தொடர்ச்சியாக அடித்தால், அந்த வெறுமையான துண்டு ஆரம்பத்தில் ஒருமுறைதான் வரும். லேபிளுக்கு 53 வீதம் மொத்தம் 1.3 மீட்டர். முதல் முறையில் ஒரு கேசட்டில் 84 லேபிள், கடைசி முறையில் ஏறக்குறைய 150. அதனால் நான் ஒரு லேபிளுக்காக மெஷினை எடுப்பதே இல்லை. தாளில் பட்டியல் எழுதி வைத்து, பத்து பதினைந்து சேர்ந்த பிறகுதான் உட்காருவேன்.

இடையில் ஒருவர்: செயின் எல்லாம் எதற்கு அக்கா? எல்லாப் பெயரையும் ஒரே வரியில் ஸ்பேஸ் விட்டு டைப் பண்ணி, வந்ததும் கத்தரியால் வெட்டிக்கொள்ளலாமே. எந்த மெஷினிலும் நடக்கும்.

பதில்: நடக்கும், நானும் செய்ததுண்டு. ஐந்தாறு சின்னப் பெயர்கள் என்றால் அதுதான் வேகமான வழி. ஆனால் ஒரு வரியில் இத்தனை எழுத்துதான் என்று மெஷினுக்கு வரம்பு உண்டு, 24 ஃபைல் பெயர் அதில் அடங்காது. நடுவில் ஒன்றில் எழுத்துப்பிழை வந்தால் முழு வரியும் வீண். அப்புறம் ஸ்பேஸை எண்ணி எண்ணி அடிக்க எனக்குப் பொறுமை இல்லை.

கேள்வி: நீங்கள் சொன்ன மாதிரி செயினில் போட்டேன். 12 அடித்தேன், 11தான் வந்தது. கடைசியைத் திரும்ப அடித்தால் இப்போது 13 வருகிறது!

பதில்: முதலில் சொன்ன அதே இடைவெளிதான் காரணம். கடைசி லேபிள் அச்சாகிவிட்டது, ஆனால் கத்தியைத் தாண்டி வெளியே வரவில்லை. அடுத்தது வந்து தள்ளட்டும் என்று மெஷின் காத்திருக்கிறது. முடிந்ததும் டேப்பை முன்னே தள்ளும் பட்டனை அழுத்தி வெட்டுங்கள். சில மெஷின்களில் அது மெனுவுக்குள் இருக்கும். எக்காரணம் கொண்டும் விரலால் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே மைநாடாவும் டேப்பும் ஒரே வேகத்தில் நகர வேண்டும். இழுத்தால் ஒன்று தளர்ந்து சுருண்டுவிடும், அதன் பிறகு அந்தக் கேசட் சரியாக அடிக்காது. பாதி டேப் மீதம் இருந்த ஒரு கேசட்டை நான் இப்படித்தான் குப்பையில் போட்டேன்.

கேள்வி: அலமாரியில் ஒட்டியது அப்படியே இருக்கிறது. பிளாஸ்டிக் டப்பாக்களில் ஒட்டியவை இரண்டே நாளில் ஓரத்தில் தூக்கிக்கொள்கின்றன. டேப் மட்டமா?

பதில்: டப்பாவைத் தொட்டுப் பாருங்கள். லேசாக மெழுகு தடவியதுபோல் வழுக்கினால் அது பாலிபுரோப்பிலீன் வகையாக இருக்கலாம், அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் சந்தேகமே இல்லை. அந்தப் பரப்பில் சாதாரணப் பசை நன்றாகப் பிடிக்காது, எந்தக் கம்பெனி டேப்பானாலும் சரி. இதற்கென்றே கூடுதல் பசையுள்ள டேப் தனியாக விற்கிறார்கள். சொரசொரப்பான பரப்புக்கும் அதுதான். எல்லாவற்றுக்கும் அதையே வாங்கிவிடாதீர்கள், பிறகு உரிக்கும்போது வருத்தப்படுவீர்கள்.

ஆனால் டேப்பை மாற்றும் முன் துடைத்துப் பாருங்கள். சமையலறை டப்பாவில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கும், சோப்புத் தண்ணீருக்கு அது முழுதாகப் போகாது. ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, லேபிளை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்து ஒட்டுங்கள். பசை முழுப் பிடிப்புக்கு வர ஒரு நாள் ஆகும், அதுவரை கழுவாதீர்கள். நான்கு மூலைகளையும் கத்தரியால் லேசாக வளைத்து வெட்டுவேன். கூரான மூலையில்தான் நகம் மாட்டும், உரிதல் அங்கேதான் தொடங்கும்.

கேள்வி: என் டப்பா கண்ணாடிதான், நன்றாகத் துடைத்தும் உரிகிறதே?

பதில்: சின்ன உருண்டை ஜாடியா? அப்படியானால் சிக்கல் பசையில் இல்லை, வளைவில்தான். லேமினேட் டேப் கொஞ்சம் விறைப்பானது, சுற்றி ஒட்டினால் இரு முனையும் நிமிரப் பார்க்கும். ஜாடியின் உயரவாக்கில் நெட்டுக்குத்தாக ஒட்டுங்கள், வளைவே வராது. படிக்கத் தலையைச் சாய்க்க வேண்டும், அது ஒன்றுதான் குறை. சாய்க்க மனமில்லை என்றால் மூடியின் மேல் ஒட்டுங்கள், ஆனால் மூடிகள் மாறிப்போகும் வீடு என்றால் சர்க்கரை டப்பாவிலிருந்து உப்பு வரும். வளையக்கூடிய டேப் வகையும் உண்டு, ஒயர்களில் சுற்ற அதுதான் சரி.

கேள்வி: மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. மை மட்டும் தனியாக ஊற்ற முடியுமா? எழுத்தின் குறுக்கே நீளமாக ஒரு வெள்ளைக் கோடு விழுகிறது.

பதில்: ஊற்ற மையே கிடையாது. கேசட்டுக்குள் இருக்கும் மைநாடாவை அச்சுத் தலை சூடாக்கி டேப்பில் ஏற்றுகிறது. இந்த வகையில் நாடாவும் டேப்பும் சேர்ந்தேதான் தீரும். உங்களுடையது வேறு பிரச்சினை. டேப் நீளத்துக்கும் ஒரே உயரத்தில் கோடு ஓடினால், தலையில் வரிசையாக இருக்கும் நுண்புள்ளிகளில் ஒன்றின்மேல் அழுக்கு ஒட்டியிருக்கிறது. கேசட்டை எடுத்துவிட்டு, பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, தலையை மேலும் கீழுமாக மெல்லத் துடையுங்கள். துடைத்தும் அதே இடத்தில் கோடு நின்றால் அந்தப் புள்ளியே போயிருக்கலாம். எழுத்து முழுவதும் மங்கலாக வந்தாலோ, அடிக்கும்போதே மெஷின் அணைந்தாலோ பேட்டரியைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். பழையதும் புதியதுமாகக் கலந்து போடுவதில் பயனில்லை.

கேள்வி: என்னிடம் சக்கரத்தைத் திருப்பி அமுக்கும் பழைய மெஷின் இருக்கிறது, எழுத்து வெள்ளையாகப் புடைத்து வரும். அதற்கும் வெள்ளைக் கோடு வருமா?

பதில்: ஐயா, அதில் சூடும் இல்லை, மையும் இல்லை. பிளாஸ்டிக்கை அழுத்தும் இடம் வெளுப்பதுதான் எழுத்து. இங்கே பேசுவது எதுவும் அதற்குப் பொருந்தாது. பேட்டரி தொல்லை இல்லாதவர் நீங்கள்.

கேள்வி: ஜன்னலோர ஷெல்ஃபில் ஒட்டிய லேபிள் ஒரே வருடத்தில் வெளுத்துவிட்டது. தோழி வீட்டில் பல வருடமாக அப்படியே இருக்கிறது. இருவரிடமும் இருப்பது லேபிள் மெஷின்தானே?

பதில்: டேப் வகை வேறாக இருக்கும். சூடு பட்டால் தானே கறுக்கும் டேப் ஒன்று உண்டு. அதில் நாடா கிடையாது. வெயிலும் வெப்பமும் பட்டால் எழுத்து மங்கும், அல்லது பின்னணியே கறுக்கும். அடுத்தது நாடாவிலிருந்து மை ஏறும் வகை. அதிலேயே லேமினேட் செய்தது என்றால் எழுத்து மேலே இல்லை. தெளிவான படலத்தின் அடிப்பக்கம் அச்சாகி, பசையுள்ள அடித்தாள் அதன்மேல் ஒட்டுகிறது. எழுத்து நடுவில் அடைபட்டிருப்பதால் நகத்தால் கீறினாலும் ஈரத்துணியால் துடைத்தாலும் போகாது.

வெட்டிய துண்டில் சூடான கரண்டியை வைத்துப் பாருங்கள். கறுத்தால் முதல் வகை. அதைத் திட்டவேண்டியதில்லை, மாதக்கணக்கில் இருக்கப்போகும் கவருக்கு அது போதும். ஆனால் பல மெஷின்கள் ஒரு வகையைத்தான் ஏற்கும் என்பதால் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தமிழில் அடிக்க வழி இருக்கிறதா அக்கா? அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது.

பதில்: எழுத்துப் பலகை உள்ள கையடக்க மெஷின்களில் நான் இதுவரை தமிழைப் பார்த்ததில்லை. போனோடு புளூடூத்தில் சேரும் வகையை வாங்குங்கள். போனில் தெரிவதை அது படமாக அடிக்கும். டேப் 12 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல், ஒரே வரியாக வையுங்கள். ண, ணை போன்ற சுழிகள் 6 மி.மீ. டேப்பில் உள்ளே அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். கூ, ழு போன்றவற்றின் கீழ்ப்பகுதி வெட்டுப்படுகிறதா என்று ஒரு சொல்லை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். தடித்த எழுத்து வேண்டாம், சுழி இன்னும் அடைக்கும்.

கேள்வி: வேறு கம்பெனி தயாரிக்கும் மலிவான கேசட் போடலாமா?

இடையில் இன்னொருவர்: நான் மூன்று வருடமாக அதைத்தான் போடுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை.

பதில்: எனக்கு ஒன்று நன்றாக ஓடியது, அடுத்தது உள்ளே சிக்கிக்கொண்டது. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை. அதனால் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். நான் அதை ஃபைல் கவருக்குப் போடுகிறேன், குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் ஒயரிலும் ஒட்டுவதற்குப் போடுவதில்லை.

கேள்வி: குளிர்பதனப் பெட்டி என்றீர்களே. உள்ளே இருக்கும் டப்பாவில் எப்படி ஒட்டுவது? ஈரமாகவே இருக்கிறது.

பதில்: டப்பாவை வெளியே எடுத்து, அறையின் சூட்டுக்கு வரவிட்டு, துடைத்துக் காயவைத்து ஒட்டி, மறுநாள் உள்ளே வையுங்கள். ஆனால் உள்ளிருப்பது வாரம் ஒருமுறை மாறுகிறது என்றால் டப்பாவில் மெஷின் லேபிளே வேண்டாம், தட்டின் விளிம்பில் ஒட்டுங்கள். தேதிக்கு உரித்தெடுக்கும் காகித டேப்பும் பேனாவும் போதும், நானே அப்படித்தான் வைத்திருக்கிறேன்.