தாமதமாக வந்த பில்லில் பிழை: சரக்கு அனுப்பியவருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: கன்னியாகுமரியில் 28 அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறோம். எந்த அறைக்கும் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டாது. ஐயப்ப பக்தர்கள் வரும் சீசனுக்காகக் கரூரில் ஒரு சிறு உற்பத்தியாளரிடம் 120 பெட்ஷீட்டும் 240 தலையணை உறையும் வாங்கினோம். 2025 நவம்பர் 10 அன்று சரக்கு வெறும் சலானுடன் வந்தது. கறை படிந்திருந்த 8 பெட்ஷீட்டை அதே வண்டியில் திருப்பி அனுப்பிவிட்டோம். பில் வந்தது பிப்ரவரி 2 அன்றுதான். அதிலுள்ள தேதி ஜனவரி 27. 120 பெட்ஷீட்டுக்கும் விலை போட்டிருக்கிறார்கள். நாங்கள் கொடுத்த 20,000 ரூபாய் அட்வான்ஸைக் கழிக்கவில்லை. அப்பா காலத்துப் பழைய ஜிஎஸ்டி எண்ணைப் போட்டிருக்கிறார்கள். இப்போது விடுதி நானும் தம்பியும் சேர்ந்த கூட்டு நிறுவனம். போனில் 30 நாள் கடன் என்று பேசியிருந்தோம். பில் சரியாகும்வரை பணத்தை நிறுத்தி வைக்கலாமா? உறவு கெடாமல் எப்படி எழுத வேண்டும்?

பதில்: நிறுத்தி வைக்காதீர்கள். பிழையில்லாத தொகையை இன்றே அனுப்பிவிட்டு, அனுப்பிய விவரத்தைக் கடிதத்திலேயே சொல்லி, பில்லைத் திருத்தித் தரும்படி கேளுங்கள். பில் தவறாக இருக்கும்போது பணத்தைக் கையில் வைத்திருப்பதுதான் நமக்குப் பலம் என்று நம் ஊர் விடுதிக்காரர்கள் பலரும் நினைக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அது உங்களுக்கே எதிராகத் திரும்பக்கூடும்.

முதலில் அந்தப் பில்லின் தலைப்பகுதியில் உத்யம் பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்த உற்பத்தியாளராக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் அவருக்குப் பொருந்தும். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. தறி போட்டு நெய்பவருக்கு உண்டு. அந்தச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளைத் தாண்டாமல், பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். நீங்கள் போனில் பேசிய 30 நாள் இங்கே கணக்கில் வராது.

இந்த நாட்களை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பில் தேதியிலிருந்து எண்ணக் கூடாது. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்காவிட்டால், வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். எழுத்தில் மறுத்திருந்தால், அந்தக் குறையை அனுப்பியவர் தீர்த்த நாள்தான் ஏற்றுக்கொண்ட நாள். நீங்கள் 8 பெட்ஷீட்டை மறுத்தது நவம்பர் 10. அவை வண்டியில் திரும்பிப் போனதும் அன்றே. ஆகவே மற்ற 112 பெட்ஷீட்டையும் உறைகளையும் அன்றைக்கே ஏற்றுக்கொண்டதாகத்தான் கொள்ள வேண்டியிருக்கும். அவற்றுக்கான கெடு நவம்பர் 25 அன்றே முடிந்துவிட்டது. பில் கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்து வந்தது அவருடைய தவறுதான். வரி சட்டப்படி சரக்கை அனுப்பும்போதே அவர் பில் கொடுத்திருக்க வேண்டும். ஆனாலும் அந்தத் தவறு உங்கள் கெடுவைத் தள்ளிப் போடுவதில்லை.

கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டுவட்டியாகக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. நல்ல உறவில் இருப்பவர் கேட்க மாட்டார் என்பது வேறு. அதைவிட உங்களைத் தொடுவது வருமான வரி: இப்படிக் கெடு தாண்டி நிற்கும் தொகையை, உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். மார்ச் 31-க்குள் கொடுத்துவிட்டால் இந்த ஆண்டுக் கணக்கிலேயே கழித்துக்கொள்ளலாம். பில் திருத்தத்துக்காகக் காத்திருந்து ஏப்ரலுக்குப் போய்விட்டால் அந்தச் செலவு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

அடுத்து, திருத்தம் என்று கேட்கும்போது எதைக் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும். எண்ணிக்கை மட்டும் தவறாக இருந்தால் 8 பெட்ஷீட்டுக்கு ஒரு கிரெடிட் நோட் போதும். ஆனால் உங்கள் பில்லில் வாங்கியவரின் எண்ணே தவறு. கிரெடிட் நோட் தொகையைக் குறைக்குமே தவிர, வாங்கியவரை மாற்றாது. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்பது தமிழ்நாட்டைக் குறிப்பதால் பழைய எண்ணிலும் புதிய எண்ணிலும் அது ஒன்றாகவே இருக்கும். அடுத்த பத்து எழுத்துகள்தான் பான் எண். அப்பாவின் பானும் கூட்டு நிறுவனத்தின் பானும் அங்கேதான் வேறுபடுகின்றன. அவசரத்தில் பார்ப்பவர் 33-ஐப் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிடுவார். எனவே முழுப் பில்லையும் புதிய பெயரில், சரியான எண்ணிக்கையோடு மாற்றித் தரும்படி கேளுங்கள். ஜனவரி பில்லை அவர் மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவராக இருந்தால் பிப்ரவரி 11-க்குள் விற்பனைக் கணக்கில் காட்டுவார். அதற்கு முன்னால் உங்கள் கடிதம் கிடைத்தால் அவருக்கு வேலை எளிது. அதற்குப் பின் என்றால், அடுத்த தாக்கலில் திருத்தப் பட்டியலில் ஏற்ற வேண்டும். முடியாதது அல்ல, ஆனால் அவருடைய கணக்குப்பிள்ளை முனகுவார்.

பழைய எண்ணால் இன்புட் கிரெடிட் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி 5 சதவீதம். அதற்கு இன்புட் கிரெடிட் கிடையாது. ஆகவே துணிக்குக் கொடுத்த வரி உங்களுக்குச் செலவுதான். அதனாலேயே, வராத 8 பெட்ஷீட்டுக்குப் போட்ட வரியும் உங்கள் கைப்பணம். சரியான பெயரில் பில் வேண்டும் என்பது கூட்டு நிறுவனத்தின் கணக்கில் இந்தச் செலவைக் காட்டுவதற்காக.

இனித் தொகை. உங்கள் சலானிலும் பில்லிலும் பெட்ஷீட் ஒன்று 420 ரூபாய், உறை ஒன்று 60 ரூபாய், வரி 5 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடுகிறேன். பில் கேட்பது 68,040. உண்மையில் 112 பெட்ஷீட்டுக்கு 47,040, உறைகளுக்கு 14,400, ஆக 61,440. வரி 3,072 சேர்த்து 64,512. அட்வான்ஸ் 20,000 போக நீங்கள் தர வேண்டியது 44,512. பில்லுக்கும் நீங்கள் அனுப்புவதற்கும் 23,528 வித்தியாசம் இருக்கிறது. இந்த எண்ணை மட்டும் வங்கியில் பார்ப்பவர் பணத்தைப் பிடித்துவிட்டார்கள் என்றே நினைப்பார். அதில் 20,000 அட்வான்ஸ், 3,528 மட்டுமே திருப்பிய துணி என்பதைக் கடிதத்தில் பிரித்துக் காட்டிவிட்டால் அந்தக் கோபத்துக்கு இடமில்லை.

கடிதம் இப்படி இருக்கலாம்:

விடுதியின் பெயர், முகவரி
கன்னியாகுமரி
05.02.2026

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் அனுப்பிய பெட்ஷீட்களும் தலையணை உறைகளும் 10.11.2025 அன்று சலானுடன் வந்து சேர்ந்தன. சீசன் தொடங்கும் முன் சரக்கு கிடைத்தது எங்களுக்கு மிகவும் உதவியாக இருந்தது. அதற்கான 27.01.2026 தேதியிட்ட பில் 02.02.2026 அன்று கிடைத்தது.

அந்தப் பில்லில் மூன்று விவரங்களைத் தாங்கள் சரிபார்க்க வேண்டுகிறோம். கறை காரணமாக 8 பெட்ஷீட்களை அன்றே அதே வண்டியில் திருப்பி அனுப்பினோம். வண்டி ஓட்டுநர் கையெழுத்திட்ட சலானின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. ஆனால் பில்லில் 120 பெட்ஷீட்களுக்கு விலை குறிக்கப்பட்டுள்ளது. ஆர்டர் தந்தபோது செலுத்திய ரூ.20,000 அட்வான்ஸ் கழிக்கப்படவில்லை. மேலும், எங்கள் விடுதி தற்போது கூட்டு நிறுவனமாக இயங்குகிறது. பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண் பழையது. புதிய பதிவுச் சான்றின் நகலை இத்துடன் அனுப்புகிறோம்.

ஏற்றுக்கொண்ட சரக்கின் மதிப்பு வரியுடன் ரூ.64,512. அட்வான்ஸ் போக மீதி ரூ.44,512-ஐத் தங்கள் வங்கிக் கணக்குக்கு இன்று அனுப்பியுள்ளோம். பரிவர்த்தனை எண் கீழே உள்ளது. பில் தொகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ரூ.23,528, இதில் ரூ.20,000 அட்வான்ஸ், ரூ.3,528 திருப்பிய 8 பெட்ஷீட்களின் வரியுடன் கூடிய விலை.

பிப்ரவரி 11-க்குள் கணக்குத் தாக்கல் செய்பவராகத் தாங்கள் இருந்தால், அதற்கு முன் புதிய எண்ணில், 112 பெட்ஷீட், 240 உறை என்று திருத்திய பில்லைத் தந்து, பழைய பில்லை ரத்து செய்தால் இரு தரப்புக்கும் எளிதாக இருக்கும். திருத்திய பில்லுடன், எங்கள் கணக்கில் பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் லெட்ஜர் நகலையும் அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் கணக்கில் ஏதேனும் தவறு இருந்தால் தெரிவியுங்கள். சரிபார்த்து உடனே தீர்க்கிறோம்.

நன்றியுடன்,
(கையெழுத்து)

சட்டப் பிரிவு எதையும் நான் கடிதத்தில் போடவில்லை. பில் தாமதமாகக் கொடுத்தது அவர் தவறு என்பது அவருக்கே தெரியும். அதை எழுத்தில் குத்திக் காட்டினால், கெடு தாண்டியது உங்கள் பக்கம் என்று அவரும் எழுதத் தொடங்குவார். தேதிகளைப் போட்டாலே போதும், படிப்பவர் கணக்குப் போட்டுக்கொள்வார்.

இந்தக் கடிதத்தின் உயிர் அந்தச் சலானில் இருக்கிறது. உங்களிடம் உள்ள பிரதியில் 8 என்ற எண்ணும் ஓட்டுநரின் கையெழுத்தும் தேதியும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நாகர்கோவிலில் நான் கணக்குப் பார்த்த ஒரு லாட்ஜில், திருப்பி அனுப்பிய துண்டுகளின் எண்ணிக்கையைச் சலானின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள். கையெழுத்து முன்பக்கத்தில் இருந்தது. நகல் எடுத்தவர் முன்பக்கத்தை மட்டும் எடுத்தார். அனுப்பியவர், எதுவும் திரும்பவில்லை என்று சொன்னபோது எங்களால் வாய் திறக்க முடியவில்லை. உங்களுடையதும் அப்படியென்றால் இருபக்கமும் நகல் எடுங்கள். அன்று சரக்கு இறக்கியவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் ஒரு பிரதியும், அவர் வழக்கமாகப் பார்க்கும் வாட்ஸாப் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு பிரதியும் அனுப்புங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரு முறை போன் செய்து, பேசியதை அன்றே இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் வாங்கினாலும் சரி, கரூரில் வாங்கினாலும் சரி, கடன் நாளை ஆர்டர் தாளிலேயே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். 45 என்று எழுதினால் 45 கிடைக்கும், எழுதாவிட்டால் 15 தான்.