தமிழில் உள்ள பட்டச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கக் கொடுக்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் பெயர். சான்றிதழ் மொழிபெயர்ப்பு என் தொழில். என்னிடம் திருத்தக் கேட்டு வருபவற்றில் அதிகம் பெயரில் சிக்கியவைதான். தமிழில் ப என்ற ஒரே எழுத்து P ஆகவும் B ஆகவும் ஒலிக்கும். த, க, ச எல்லாமே அப்படித்தான். சமீபத்தில் ஒரு பெண் வந்தார் (பெயரை மாற்றியிருக்கிறேன்). சான்றிதழில் "பா. தனலட்சுமி". முன்பு யாரோ P. Thanalatchumi என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாஸ்போர்ட்டிலோ Dhanalakshmi Balakrishnan. பின்னணி சரிபார்த்தவர்களுக்கு இவை இரண்டு வேறு ஆட்கள்!

நான் B. Dhanalakshmi என்று எழுதினேன். இனிஷியலை நானாக விரித்து எழுதவில்லை, மூலத்தில் ஓர் எழுத்துதானே இருக்கிறது. கீழே, "எழுத்துக்கூட்டல் பாஸ்போர்ட்டின்படி, முதலெழுத்து தந்தை பெயரைக் குறிக்கிறது" என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பு சேர்த்தேன். அதனால் மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே பாஸ்போர்ட் நகலையும் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது பட்டத்தின் பெயர். இளநிலைப் படிப்பு எல்லாவற்றையும் பேச்சுவழக்கில் "இளங்கலை" என்கிறோம். அந்தப் பழக்கத்தில் இயற்பியல் பட்டதாரியை B.A. ஆக்கிவிடுகிறார்கள், அவர் படித்தது B.Sc. சான்றிதழிலேயே ஆங்கில வரி இருந்தால், அதை எழுத்து மாறாமல் எடுக்கச் சொல்லுங்கள். அதே பட்டத்துக்குப் புதிதாக ஒரு ஆங்கிலப் பெயர் உண்டாக்கவே கூடாது.

மதிப்பெண்ணை மாற்றிக் கணக்கிடுவது மொழிபெயர்ப்பாளர் வேலையே அல்ல. "முதல் வகுப்பு" என்றால் First Class, அவ்வளவுதான். அதை A என்றோ நான்கு புள்ளி அளவிலோ மாற்றினால் சான்றிதழில் இல்லாத ஒன்றைச் சொன்னதாகிவிடும். மதிப்பை ஒப்பிட அந்தந்த நாட்டில் தனி அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் பட்டியலில் உச்ச மதிப்பெண், தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பெண் என்று பத்திகள் இருந்தால் அவற்றை விடாமல் போடச் சொல்லுங்கள். வெறும் 62 என்று பார்க்கிறவருக்கு அது குறைவாகத் தெரியும். பக்கத்திலேயே 100, 40 என்று இருந்தால்தான் அதன் அர்த்தம் புரியும்.

அரியர் எழுதித் தேறிய பாடத்தை விட்டுவிடச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். மூலத்தில் எட்டு வரி, மொழிபெயர்ப்பில் ஏழு என்றால் சந்தேகம் அந்த ஒரு பாடத்தோடு நிற்காது. முத்திரை, கையெழுத்து, பின்பக்கத்துச் சிறு எழுத்து எல்லாமே வர வேண்டும். படிக்க முடியாத முத்திரையை "முத்திரை, தெளிவில்லை" என்று குறித்தால் போதும், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

கையெழுத்தாகி வந்ததும் பதிவெண்ணையும் தேதியையும் ஒவ்வோர் இலக்கமாக மூலத்தோடு ஒப்பிடுங்கள். 3, 8 மாறிப்போவதை நானே இரண்டு முறை கடைசி நேரத்தில்தான் பிடித்தேன்.